டெட் ஸ்டாக் பட்டியலில் டெட் ஸ்டாக்கையே காணோமா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

எங்களுடையது பிளம்பிங், ஹார்டுவேர் கடை. மொத்தம் 1,140 ஐட்டம். வருடக் கடைசியில் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து விற்பனை ரிப்போர்ட்டை எடுத்து, மதிப்பு அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தி, மேலே இருப்பதை வாங்கு, கீழே இருப்பதைக் கழி என்று முடிவு செய்வதுதான் வழக்கம். கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் எங்கேயாவது இடிக்கும். இடிக்கிற இடங்களை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் பட்டியலில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நான் சொல்லும் ஷீட்டின் அமைப்பு இது. `Sales` ஷீட்டில் ஒவ்வொரு பில் வரியும் தனித்தனியாக இருக்கும்: A தேதி, B பில் எண், C ஐட்டம் பெயர், D எண்ணிக்கை, E ஜிஎஸ்டி சேராத மதிப்பு. மூன்று வருட விற்பனையை இறக்கியிருந்தால் நல்லது. `Stock` ஷீட்டில் ஒரு ஐட்டத்துக்கு ஒரு வரி: A பெயர், B இருப்பு, C கொள்முதல் விலை, D தேங்கிய பணம் (இருப்பு பெருக்கல் கொள்முதல் விலை), E கடைசி 12 மாத விற்பனை, F கடைசியாக விற்ற தேதி, G எத்தனை பில்லில் போனது, H முதல் கொள்முதல் தேதி. எக்செல் என்றால் 2019 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், ஏனென்றால் `MAXIFS` பழையவற்றில் கிடையாது. கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபார்முலாக்கள் ஓடும்.

அறிகுறி 1: பட்டியலின் அடிமட்டத்தில் கூட எல்லாம் கொஞ்சமாவது விற்றிருக்கிறது

நான் முதல் தடவை போட்டபோது கடைசி வரியில் நின்றது ஒரு கதவுக் கொண்டி. வருடத்துக்கு 40 ரூபாய் விற்பனை. அப்பாவிடம் காட்டினேன். அவர் ஷீட்டைப் பார்க்கவே இல்லை, மேல் ரேக்கைக் காட்டி, "அந்த ரோஸ் கலர் வாஷ் பேசின் ஆறு நிற்குதே, அது எங்கே இருக்கு இதுல?" என்று கேட்டார். தேடினேன், இல்லை.

காரணம் எளிது. விற்பனை ரிப்போர்ட்டில் விற்றதுதான் வரும். ஒரு பீஸ் கூட விற்காத சாமானுக்கு பில்லே இல்லை, பில் இல்லாததற்கு அந்த ரிப்போர்ட்டில் வரியும் இல்லை. நாம் தேடுவதே விற்காத சாமானை, தேடும் இடமோ விற்றதின் பட்டியல். அதில் கடைசியில் இருப்பது மெதுவாக ஓடும் சரக்கு, டெட் ஸ்டாக் இல்லை.

ஆகவே இருப்புப் பட்டியலிலிருந்து தொடங்கி, அதற்கு எதிரே விற்பனையைக் கொண்டுவர வேண்டும். `Stock` ஷீட்டின் E2, F2-வில் இவை:

```
=SUMIFS(Sales!$E:$E,Sales!$C:$C,$A2,Sales!$A:$A,">"&TODAY()-365)
=MAXIFS(Sales!$A:$A,Sales!$C:$C,$A2)
```

கீழே வரை இழுத்துவிட்டு, முழு டேபிளையும் செலக்ட் செய்து E-யைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். இப்போது அடியில் பூஜ்ஜியங்கள் வரிசையாக நிற்கும். எங்களுக்கு 203 ஐட்டம் நின்றது. F-க்குத் தேதி ஃபார்மட் கொடுத்திருந்தால் சில வரிகளில் எக்செல் 1900 என்றும், கூகுள் ஷீட்ஸ் 1899 என்றும் காட்டும், பயப்பட வேண்டாம். அது பூஜ்ஜியத்தைத் தேதியாகக் காட்டும் விதம். நீங்கள் இறக்கிய மூன்று வருடத்தில் அந்தச் சாமான் ஒருமுறை கூட விற்கவில்லை என்று பொருள். ரோஸ் பேசினுக்கு அப்படித்தான் வந்தது.

அறிகுறி 2: நன்றாக ஓடும் சாமான் பூஜ்ஜியம் என்று வருகிறது, அல்லது வரிசையே தாறுமாறாக இருக்கிறது

9,800 மேலே நிற்கிறது, 12,500 கீழே நிற்கிறது என்றால் அந்த எண்கள் எண்களாக இல்லை, எழுத்தாக உட்கார்ந்திருக்கின்றன. எழுத்து வரிசையில் 9 என்பது 1-க்குப் பெரியது, அவ்வளவுதான். செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் பெரும்பாலும் எழுத்து, வலது ஓரத்தில் நின்றால் எண். சில சாஃப்ட்வேர் ரூபாய் குறியையும் கமாவையும் சேர்த்தே ஏற்றுமதி செய்வதால் இது வருகிறது.

வரிசை தவறுவதாவது கண்ணில் படும். இன்னொன்று கண்ணில் படாது: `SUMIFS` எழுத்தாக இருக்கும் தொகையைக் கூட்டாமல் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழை எதுவும் காட்டாது. தினமும் போகும் சாமான் ஒன்று பூஜ்ஜியத்தோடு டெட் ஸ்டாக் கூட்டத்தில் போய் நிற்கும். இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

```
=COUNTA(Sales!E:E)-COUNT(Sales!E:E)
```

விடை 1 வந்தால் சரி, அந்த ஒன்று தலைப்பு வரி. அதற்கு மேல் வந்தால் அத்தனை வரிகளில் தொகை எழுத்தாக இருக்கிறது. பக்கத்து நெடுவரிசையில் இதைப் போட்டு எண்ணாக மாற்றி, மதிப்பாக மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(TRIM(E2),"₹",""),",",""))
```

தொகை சரியாக இருந்தும் பூஜ்ஜியம் வருகிறதா? அப்படியானால் பெயர் ஒட்டவில்லை. ஒரு பக்கம் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருக்கும், அல்லது கவுன்ட்டரில் இருப்பவர் அவசரத்தில் அதே எல்போவை வேறு பெயரில் புது ஐட்டமாகப் போட்டிருப்பார். எங்கள் கடையில் சிபிவிசி முக்கால் எல்போ மூன்று பெயர்களில் இருந்தது. மூன்றும் தனித்தனியாக நடுவில் எங்கோ நின்றன. சேர்த்த பிறகு அது பட்டியலில் ஏழாவது இடத்துக்கு ஏறியது. இதைப் பிடிக்க `Sales` ஷீட்டில் ஒரு நெடுவரிசையில்

```
=COUNTIF(Stock!$A:$A,C2)
```

போட்டு, 0 வரும் வரிகளை மட்டும் ஃபில்டர் செய்து பாருங்கள். அவை இருப்புப் பட்டியலில் ஜோடி இல்லாத விற்பனை. அவற்றைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு `Stock` ஷீட்டின் E நெடுவரிசை மொத்தத்தை சாஃப்ட்வேர் காட்டும் அதே 12 மாத மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஷீட்டுக்குள்ளேயே இரண்டு மொத்தத்தை ஒப்பிட்டால் போதாது, எழுத்தாக இருக்கும் தொகையை இரண்டுமே விட்டுவிட்டு அழகாக ஒத்துப்போகும்.

அறிகுறி 3: மொத்தம் உண்மையைவிட அதிகமாக வருகிறது

குறைந்தால் பெயர் ஒட்டவில்லை என்று தெரியும். கூடினால்? எனக்கு இதில் ஒரு நாள் முழுக்கப் போனது. 35*8 ஸ்க்ரூ, 35*18 ஸ்க்ரூ என்று நம் கடைகளில் அளவை நட்சத்திரக் குறி போட்டுத்தான் எழுதுவோம். `SUMIFS`-க்கு நட்சத்திரக் குறி என்றால் "இங்கே எது வேண்டுமானாலும் இருக்கலாம்" என்று பொருள். 35*8 என்று தேடினால் 35-இல் தொடங்கி 8-இல் முடியும் எல்லாமே அதற்குப் பிடிபடும், 35*18-ம் சேர்ந்துதான். ஆக 35*18-இன் விற்பனை தன் வரியிலும் வரும், 35*8-இன் வரியிலும் வரும். வருடத்துக்கு நான்கு பெட்டி போகாத ஸ்க்ரூ நல்ல விற்பனையோடு மேலே நிற்கும். அதை நம்பி ஆர்டர் போட்டால் அதுவே அடுத்த வருட டெட் ஸ்டாக்.

இரண்டு ஷீட்டிலும் பெயர்களில் இருக்கும் நட்சத்திரத்தை x ஆக மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு. ஒரு எச்சரிக்கை: எக்செலில் Ctrl+H திறந்து தேடும் இடத்தில் வெறும் நட்சத்திரத்தைப் போட்டால் ஒவ்வொரு செல்லின் முழு உள்ளடக்கமும் x ஆகிவிடும். `~*` என்று போட வேண்டும். அதற்கு முன் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

அறிகுறி 4: போன மாதம் இறக்கிய சாமானும், சீசன் சாமானும் டெட் என்று வருகிறது

போன மாதம் வந்த புது மாடல் ஷவர் இன்னும் விற்காமல் இருப்பது இயல்பு. H நெடுவரிசையில் முதல் கொள்முதல் தேதியைக் கொண்டுவந்து, 180 நாளுக்குள் வந்தவற்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அவற்றைப் பற்றி இப்போது தீர்ப்பு எழுத வேண்டாம்.

சீசன் விஷயம் வேறு. பலர் மூன்று மாத விற்பனையை வைத்து இந்தப் பட்டியலைப் போடுகிறார்கள், சாஃப்ட்வேர் அதைத்தான் எளிதாகத் தருகிறது என்பதால். ஜூனில் மூன்று மாதக் கணக்கு எடுத்தால் தார்ப்பாய் செத்த சரக்கு. அதுவே ஐப்பசி மழை தொடங்கினால் காலையில் கடை திறக்கும்போதே தார்ப்பாய்க்கு ஆள் நிற்பார்கள். அதேபோல ஆடி முடியும்போது எடுத்த கணக்கில் குழாய், பேசின், கிளாசெட் எல்லாம் இளைத்துத் தெரியும், ஏனென்றால் ஆடியில் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை, கடைசிக்கட்ட ஃபிட்டிங் வேலைகளும் ஆவணிக்குத் தள்ளிப்போகும். மார்கழியிலும் அப்படியே. ஆகவே 365 நாள்தான். அதற்குக் குறைத்தால் பட்டியல் சரக்கைப் பற்றிச் சொல்லாது, மாதத்தைப் பற்றிச் சொல்லும்.

அறிகுறி 5: எல்லோரும் கேட்கும் சாமான் அடியில் நிற்கிறது

கவுன்ட்டர் பையன் "அண்ணே, இது தினம் நாலு பேர் கேக்குறாங்க" என்கிறான், ஷீட்டோ வருடத்துக்கு 900 ரூபாய் என்கிறது. உடனே இருப்பு நெடுவரிசையைப் பாருங்கள். பூஜ்ஜியமா? அப்படியானால் விற்காததால் அடியில் இல்லை, கையில் இல்லாததால் அடியில் இருக்கிறது. வந்த இருபது பீஸும் பத்து நாளில் தீர்ந்து, அடுத்த ஆர்டர் போட மறந்து, மீதி வருடம் முழுக்க "இல்லைங்க" என்றே சொல்லி அனுப்பியிருப்போம். விற்பனை மதிப்பு என்பது நாம் வைத்திருந்து விற்றது மட்டும்தான், கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது எந்த பில்லிலும் ஏறாது.

இப்படிப்பட்டவற்றை E-யில் வந்த தொகையை வைத்து எடைபோடாதீர்கள். இருப்பு இருந்த நாட்களை மட்டும் எடுத்து ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பாருங்கள். இருபது பீஸ் பத்து நாளில் என்றால் நாளைக்கு இரண்டு, வருடத்துக்கு எழுநூறு. அது அடிமட்டம் இல்லை. கவுன்ட்டரில் ஒரு நோட்டைப் போட்டு, இல்லை என்று சொன்ன சாமானையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு இல்லாமல் இந்த அறிகுறியை ஷீட்டில் மட்டும் முழுசாகப் பிடிக்க முடியாது.

அறிகுறி 6: ஏ வகை என்று பார்த்து வாங்கினேன், அப்படியே நிற்கிறது

முதலில் வகை பிரிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்திய பிறகு I நெடுவரிசையில் மேலிருந்து கூட்டிக்கொண்டே வரும் பங்கு, J-யில் வகை:

```
=SUM(E$2:E2)/SUM(E:E)
=IF(E2<=0,"டெட்",IF(I2<=0.8,"ஏ",IF(I2<=0.95,"பி","சி")))
```

மொத்த விற்பனையில் முதல் 80 சதவீதத்தைத் தருவது ஏ, அடுத்த 15 பி, கடைசி 5 சி, விற்பனையே இல்லாதது டெட். எங்கள் 1,140-இல் ஏ வகை 148 ஐட்டம்தான். 80, 95 என்ற கோடுகள் வழக்கத்தில் வந்தவை, கடைக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொள்ளலாம்.

இப்போது பிழைக்கு வருவோம். 110 மில்லிமீட்டர் பிவிசி பைப் எங்கள் ஏ வகையில் 1,18,500 ரூபாய் விற்பனையோடு நின்றது. நீளம் ஒன்று 1,500 ரூபாய் என்று 79 நீளம். நல்ல ஓட்டம் என்று நினைத்து 40 நீளம் இறக்கினோம், 1,250 ரூபாய் கொள்முதலில் 50,000 ரூபாய். பாதி வருடம் கழித்துப் பார்த்தால் சுவரோரம் கிட்டத்தட்ட அப்படியே சாய்ந்திருக்கிறது. பில்களைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, 79-இல் 64 நீளம் ஒரே பில். ஒரு மண்டபக் கட்டடத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் ஒருமுறை எடுத்தது. மீதி 15 நீளம்தான் வருடம் முழுக்க மற்றவர்கள் வாங்கியது, மாதத்துக்கு ஒன்று சொச்சம். அந்த வேகத்தில் 40 நீளம் தீர இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும்.

கூட்டுத்தொகையில் இது தெரியவே தெரியாது. எத்தனை பில்லில் போனது, அதில் மிகப் பெரிய பில்லின் பங்கு எவ்வளவு என்ற இரண்டும் வேண்டும். G2-விலும் K2-விலும்:

```
=COUNTIFS(Sales!$C:$C,$A2,Sales!$A:$A,">"&TODAY()-365)
=MAXIFS(Sales!$E:$E,Sales!$C:$C,$A2,Sales!$A:$A,">"&TODAY()-365)/E2
```

ஏ வகையில் இருக்கும் ஐட்டங்களில் K 40 சதவீதத்துக்கு மேல் போனால் நான் நிறுத்தி பில்லைத் திறந்து பார்ப்பேன். அந்த பைப்புக்கு 81 சதவீதம் வந்தது. அந்த ஒரு பில்லைக் கழித்துவிட்டு மீதியை வைத்து அது எந்த வகை என்று பாருங்கள். காண்ட்ராக்டர் சரக்கு என்றால் கேட்டு ஆர்டர் போட வேண்டியது, ரேக்கில் வாங்கி வைக்க வேண்டியது இல்லை.

அறிகுறி 7: சி வகையைக் கழித்தேன், ஏ வகையின் விற்பனை இறங்கிவிட்டது

ஒன்றேகால் இன்ச் யூனியன். வருடத்துக்கு 14 பீஸ், விலையும் சொல்லும்படி இல்லை, சந்தேகமில்லாமல் சி வகை. நிறுத்திவிட்டோம். இரண்டு மாதத்தில் வழக்கமாக வரும் பிளம்பர் ஒருவர் வருவது குறைந்தது. ஒருநாள் வழியில் பார்த்துக் கேட்டபோது சொன்னார், மோட்டார் வேலைக்கு வந்தால் எல்லாம் இருக்கும், யூனியன் மட்டும் இருக்காது, அந்த ஒன்றுக்காக வேறு கடை ஏற வேண்டியிருக்கு, அங்கேயே எல்லாத்தையும் வாங்கிடுறேன் என்று. அவர் சொன்னது நியாயம். வேலை நடக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தவர் இரண்டு கடை ஏற மாட்டார்.

இதைக் கழிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தச் சாமான் போன பில்களின் சராசரித் தொகையைப் பாருங்கள். `Sales` ஷீட்டில் F நெடுவரிசையில் ஒவ்வொரு வரிக்கும் அந்த பில்லின் மொத்தம், பிறகு `Stock` ஷீட்டில் அந்த ஐட்டம் இருந்த பில்களின் சராசரி:

```
=SUMIFS($E:$E,$B:$B,B2)
=AVERAGEIFS(Sales!$F:$F,Sales!$C:$C,$A2)
```

பில் எண் வருடா வருடம் 1-இல் தொடங்கும் கடை என்றால் வருடத்தையும் எண்ணோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூன்று வருட பில்கள் ஒன்றாகிவிடும். எங்கள் கடையில் சராசரி பில் 650 ரூபாய். யூனியன் இருந்த பில்களின் சராசரி 4,200. சாமான் சின்னது, ஆனால் பெரிய பில்லோடு போகிறது. அப்படிப்பட்டதை சி வகையிலேயே வைத்துக்கொண்டு, ஐந்தாறு பீஸ் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். பணமும் பெரிதாக முடங்காது.

சரி, பட்டியல் சுத்தமாகிவிட்டது. எதை வாங்குவது?

ஏ வகைக்கு மட்டும் கணக்குப் போட்டு ஆர்டர் போடுங்கள், 148 ஐட்டத்துக்குச் செய்ய முடியும், 1,140-க்குச் செய்ய முடியாது. நான் பார்ப்பது இரண்டே எண்: கூட்டமான ஒரு வாரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை போகிறது, ஆர்டர் சொன்னதிலிருந்து சரக்கு இறங்க அதிகபட்சம் எத்தனை நாள் ஆகிறது. சிபிவிசி முக்கால் எல்போ வருடத்துக்கு 8,030 பீஸ், அதாவது நாளைக்கு 22. ஆனால் கூட்டமான வாரத்தில் 210 போயிருக்கிறது, நாளைக்கு 30. சப்ளையர் வண்டி வழக்கமாக ஏழு நாளில் வரும், தாமதமானால் பத்து. முப்பதைப் பத்தால் பெருக்கினால் 300. இருப்பு 300-ஐத் தொட்டதும் ஆர்டர். சராசரியை மட்டும் பார்த்து 22-ஐ ஏழால் பெருக்கி 154-இல் ஆர்டர் போட்டால், நாளைக்கு 30 போகும் வாரத்தில் ஐந்தே நாளில் ரேக் காலி, வண்டி வர இன்னும் இரண்டு நாள் இருக்கும்.

பி வகைக்குச் சராசரியே போதும், மாதம் ஒருமுறை பார்த்தால் சரி. சி வகையில் அறிகுறி 7-இல் சொன்ன மாதிரி பெரிய பில்லோடு போகும் சாமான்களைத் தவிர மற்றவற்றைத் தீர்ந்தால் தீரட்டும், கேட்டால் வரவழைக்கலாம்.

எதைக் கழிப்பது, எப்படி?

இங்கேதான் வரிசைப்படுத்தும் அளவுகோலை மாற்ற வேண்டும். டெட் என்று வந்த எல்லாவற்றுக்கும் விற்பனை பூஜ்ஜியம், அதை வைத்து இனி வரிசைப்படுத்த ஒன்றுமில்லை. டெட் மட்டும் ஃபில்டர் செய்து, D நெடுவரிசையால், அதாவது தேங்கிய பணத்தால், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். எங்கள் 203 ஐட்டத்தில் 2,10,000 ரூபாய் நின்றது, அதில் பாதிக்கு மேல் முதல் 25 வரிகளிலேயே இருந்தது. மீதி 178-ஐப் பற்றி முதல் மாதம் யோசிக்கவே இல்லை.

அந்த 25 வரிகளை எடுத்துக்கொண்டு ரேக்குக்குப் போய் ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். எங்களுக்கு மூன்று ஐட்டம் கணக்கில் மட்டும் இருந்தது, ரேக்கில் இல்லை. எப்போதோ வேறு பெயரில் பில் போட்டு விற்றுவிட்டது. ஒயிட் சிமெண்ட் மூட்டை கல்லாகியிருந்தது, சால்வென்ட் சிமெண்ட் டின் உள்ளே ஜெல்லி போல இறுகியிருந்தது. இறுகிப்போன டின்னைத் தள்ளுபடியில் கூட விற்காதீர்கள், ஜாயிண்ட் பிடிக்காமல் சுவருக்குள் ஒழுகினால் அந்த வீட்டுக்காரருக்குத்தான் நஷ்டம்.

விற்கக்கூடியதற்கு முதல் கேள்வி, சப்ளையர் திரும்ப எடுப்பாரா என்பது. பெட்டி பிரிக்காமல் இருந்தால் கேட்பதில் தவறில்லை, வேறு ஓடும் சரக்காக மாற்றிக் கொடுத்தால் கூடப் போதும். ஒரு நிதியாண்டில் வாங்கியதற்கு ஜிஎஸ்டியோடு கிரெடிட் நோட்டு போட்டு வரியைக் குறைத்துக்கொள்ள சப்ளையருக்கு அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் நேரம், அல்லது அதற்கு முன்பே அவர் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அதுவரைதான். அதனால் இந்தப் பட்டியலை மார்ச் கடைசியில் போடுவதைவிட செப்டம்பரில் போட்டால் பேசுவதற்கு இடம் இருக்கும்.

எடுக்கவில்லை என்றால் விலையைக் குறைக்க வேண்டியதுதான். அப்பாவுக்கு இதில் மனசே வரவில்லை. "1,450 ரூபாய்க்கு வாங்கின பேசினை 900-க்கா கொடுக்கச் சொல்றே?" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆறு பேசினுக்கு 8,700 போட்டிருக்கிறோம், 900-க்குக் கொடுத்தால் 5,400 கைக்கு வரும், நஷ்டம் 3,300. அந்த 5,400-ஐ எல்போவில் போட்டால் ஒரு சுற்றுக்கு 15 சதவீதம், அதாவது 810 ரூபாய் நிற்கும். சுற்று ஒன்றுக்கு 36 நாள். நான்கு சுற்றில் 3,240, ஐந்து மாதத்துக்குள் நஷ்டம் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பிவிடும், ரேக்கும் காலி. மூன்று வருடம் ஒருவரும் கேட்காத பேசின் நான்காவது வருடம் 1,450-க்குப் போகும் என்று எதை நம்பிக் காத்திருப்பது? அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம், "நாலு பீஸ் கொடு, ரெண்டு இருக்கட்டும்" என்றார். நான்கும் வாடகை வீடு கட்டும் ஒருவருக்கே போய்விட்டது. மீதி இரண்டை அடுத்த மாதம் அப்பாவே விற்றுவிட்டார்.

குறைத்து விற்பதா, குப்பையில் போடுவதா என்று வந்தால் வரியில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நஷ்டத்துக்கு விற்றாலும் விற்ற விலைக்குத்தான் ஜிஎஸ்டி, வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரி உங்களிடமே இருக்கும். ஆனால் அழித்தாலோ, கணக்கிலிருந்து கழித்து எழுதினாலோ, யாருக்காவது அன்பளிப்பாகக் கொடுத்தாலோ, சிஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவுப்படி அந்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று போடுவது இந்த அன்பளிப்பில் சேராது. அது இரண்டு பொருளை ஒரே விலைக்கு விற்பதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும் என்று 2019 மார்ச்சில் வந்த 92/11/2019 சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே ஓடாத டவல் ராடை ஓடும் குழாயோடு ஒரே பில்லில், ஒரே விலையில் சேர்த்துக் கொடுக்கலாம். கல்லாகிப்போன ஒயிட் சிமெண்ட்டுக்கு வேறு வழியில்லை, வரியைத் திருப்பிக் கட்டிவிட்டுத்தான் கழித்தோம். ஆடிட்டரிடம் அந்தப் பட்டியலைத் தேதியோடும் போட்டோவோடும் கொடுத்துவிடுங்கள்.

கழித்து முடித்த ஐட்டங்களை சாஃப்ட்வேரில் அழிக்காதீர்கள், பழைய பில்கள் அதைத் தேடும். முடக்கி மட்டும் வையுங்கள், பெயருக்கு முன்னால் "நிறுத்தம்" என்று சேர்த்துவிட்டால் கவுன்ட்டரில் இருப்பவரும் தெரியாமல் ஆர்டர் போட மாட்டார். எங்கள் ரோஸ் பேசின் இப்போது அப்படித்தான் இருக்கிறது, இருப்பு பூஜ்ஜியம், கடைசியாக விற்ற தேதி இந்த வருடம்.